அந்த ஏழு வருஷம் மேலே வரட்டும்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வைத்தவர் மேனேஜர். வேலை தேடி வருகிறவர்களின் புரொஃபைல் அவள் கைக்குப் போனால், நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமாகத் திரும்பி வரும். 'நேர்மை, கடின உழைப்பு, குழுவாகப் பணியாற்றும் மனப்பான்மை' என்ற வரியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "நேர்மையில்லாதவன் எவனாவது நான் நேர்மையில்லாதவன்னு எழுதுவானா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டிவிடுவாள்.

ஆனால் அவள் செய்கிற வேலையில் வெட்டுவது கால் பங்குதான். முக்கால் பங்கு, இடம் மாற்றுவது. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, நாள் பூராவும் கீழே இருப்பதை மேலே இழுப்பாள், மேலே இருப்பதைக் கீழே தள்ளுவாள். ஆள் எடுக்கிறவர்கள் புரொஃபைலைப் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறார்கள். பெயர், அதற்குக் கீழே ஒரு வரி, அதற்குக் கீழே முதல் பகுதி. திரையில் தெரிவது அவ்வளவுதான். மீதியெல்லாம் 'மேலும் காட்டு' என்ற பொத்தானுக்குப் பின்னால் கிடக்கும். அந்தப் பொத்தானை யார் அமுக்குகிறார்கள், யார் அமுக்கவில்லை என்று அலுவலகக் கணினி காட்டிக்கொடுத்துவிடும். அமுக்காதவர்கள்தான் அதிகம். முதல் பகுதி பிடித்தவன் கீழே போவான், பிடிக்காதவன் அடுத்த ஆளிடம் போவான்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, புரொஃபைலுக்கு அதில் முன்பாதி மட்டும்தான். ஓட்டுநர் வேலைக்கு வருகிறவனுக்கு லைசென்ஸும் விபத்தில்லாமல் ஓட்டிய காலமும் மேலே வரும், எட்டாம் வகுப்பு அடிமட்டத்துக்குப் போகும். நேற்றுப் படித்து முடித்தவனுக்கு அனுபவம் ஏது? அவன் கல்லூரியில் செய்த ப்ராஜெக்ட் மேலே வரும். கணக்கர் ஒருவர் பள்ளிக்கூட வேலைக்குப் போக ஆசைப்பட்டார். அவர் சாயங்காலத்தில் டியூஷன் எடுத்ததைத் தூக்கி உச்சியில் வைத்தாள், கிடைத்துவிட்டது. சரக்கு அதேதான். யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்து, கடை முகப்பில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

மேனேஜருக்கு ஒரே ஒரு சட்டம். முதல் பகுதியில் எது வந்தாலும் அதற்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும், பெயரும் போன் நம்பரும் கூடவே போக வேண்டும். "மேல வெக்கிறதுதான் தலைக்கு வெயிட்டு. தாங்குறதுக்கு ஒரு கழுத்து வேணும்ல?" என்பார்.

இப்படி ஊரார் புரொஃபைலையெல்லாம் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த கத்தரி, சொந்த அண்ணியின் புரொஃபைலில்தான் சறுக்கினாள்.

அண்ணி ஒரு பெரிய ஹோட்டலில் ஒரு மாடி முழுக்க அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசராக இருந்தவள். கீழே பதினைந்து பேர் அவள் கண்ணசைவுக்கு ஓடுவார்கள். அப்புறம் கத்தரியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோயிற்று. அண்ணன் வேலையை விட முடியாது, கத்தரியும் விட முடியாது. யார் விடுவது என்று ஒருவரும் கேட்கக்கூட இல்லை, அண்ணி விட்டாள். ஏழு வருஷம். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் அம்மாவின் கட்டில் கிடந்த இடம் மட்டும் இன்னும் காலியாகவே இருந்தது. அண்ணிக்கு வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று இருந்தது. "இந்த வீட்டுச் சுவத்தைப் பாத்துப் பாத்து எனக்கே பக்கவாதம் வந்துரும் போல இருக்கு" என்றாள்.

கத்தரி கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். ஹோட்டல் அனுபவம் மேலே, திறமைகள் நடுவே, படிப்பு கீழே. நாலு ஹோட்டலுக்கு அனுப்பினாள். நாலும் வேண்டாம் என்றன. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய அனுபவம், அறை ஒதுக்கும் மென்பொருளே மாறிவிட்டது, இப்போதெல்லாம் சின்ன வயசுக்காரர்களைத்தான் எடுக்கிறோம். கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அண்ணி நேரே மாடியேறி வந்து, போனைக் கத்தரியின் மேஜையில் வைத்தாள். வயதானவர்கள் தங்கும் இல்லம் ஒன்றின் விளம்பரம். பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் தேவை. உதவியாளர்களுக்கு முறை போட வேண்டும், படுக்கையில் இருப்பவர்களின் கவனிப்பைப் பார்க்க வேண்டும், குடும்பத்தாரோடு பேச வேண்டும்.

"இதுக்கு அனுப்பு."

"அனுப்பிட்டாப் போச்சு. ஹோட்டல்ல பதினஞ்சு பேரை மேய்ச்சிருக்கீங்களே அண்ணி, அது நல்லா எடுபடும்." கத்தரி திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். விரலால் கீழே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். ஆகக் கடைசியில், பேசத் தெரிந்த மொழிகளுக்கும் கீழே, ஒரு வரி இருந்தது: 'குடும்பக் காரணங்களுக்காக இடைவெளி, ஏழு ஆண்டுகள்.'

"இது என்னது?"

"கேப் அண்ணி. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம். மறைக்கவும் கூடாது, பெருசாக் காட்டவும் கூடாது."

"இடைவெளியா?" அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன்டி, உங்கம்மாவை ராத்திரி பகல்னு பாக்காம ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வெச்சேனே, அது இடைவெளியா? மொத வருஷம் பூரா மூக்குல குழாய் வெச்சுச் சாப்பாடு ஊத்துனேனே, அது இடைவெளியா? நான் இடைவெளி விட்டிருந்தா உங்கம்மா முதுகு புண்ணாகி அழுகியிருக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு ஆப்பிளை வெச்சுட்டு, 'அம்மா நல்லாத்தான் இருக்காங்க'ன்னு சொல்லிட்டுப் போனவளுக்கு அது இடைவெளியாத்தான் தெரியும்."

பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. கத்தரிக்கு முகம் சுட்டது. ஊரில் எவளோ ஒருத்தி இதே கதையோடு வந்திருந்தால், விளம்பரத்தைப் படித்த கையோடு அந்த ஏழு வருஷத்தைத் தூக்கி உச்சியில் வைத்திருப்பாள். படுத்திருந்தது தன் அம்மா, பார்த்தது தன் அண்ணி என்றானதும், அது வேலையென்றே அவள் மண்டைக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, தன் மீதே எரிச்சலாக இருந்தது.

"உக்காருங்க அண்ணி," என்றாள். "மொதல்லேர்ந்து பண்ணுவோம்."

ஒரு பகுதிக்குள் இருக்கும் வேலைகள் தேதிப்படிதான் நிற்கும். அதைப் புரட்டினால் பார்க்கிறவன் சந்தேகப்படுவான். ஆனால் பகுதியையே இரண்டாகப் பிரிக்கலாம், அதில் தப்பில்லை. 'அனுபவம்' என்று இருந்ததைக் கத்தரி 'பராமரிப்பு அனுபவம்' என்றும் 'பிற அனுபவம்' என்றும் பிரித்தாள். முதலாவதின் ஓரத்தில் இருந்த கைப்பிடிக் குறியைச் சுட்டியால் பிடித்து மேலே இழுத்தாள். ஹோட்டல், அதன் அத்தனை மாடிகளோடும், கீழே இறங்கியது. வாராவாரம் வந்துபோன பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த பரிந்துரை படிப்புக்குக் கீழே கிடந்தது, அது இரண்டாவதாக வந்து உட்கார்ந்தது.

"என்ன பதவின்னு போடுறது?" என்றாள் அண்ணி.

"உள்ளதைப் போடுவோம். 'முழுநேரக் குடும்பப் பராமரிப்பு, வீட்டில்.' மாசமும் வருஷமும் போட்டுருவோம். கம்பெனி மாதிரி வேஷம் கட்ட வேண்டாம்."

"அன்போடும் பாசத்தோடும்னு ஒரு வரி?"

"வெட்டிருவேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் மளமளவென்று வந்தது. ஏழு வருஷத்தில் ஒரு படுக்கைப் புண் இல்லை. பகல் உதவிக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் தூக்கவும் திருப்பவும் துடைக்கவும் பழக்கி, முறை போட்டது. எந்த மருந்து எப்போது, எது எதோடு சேரக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொடுத்தது. விளம்பரத்தில் குடும்பத்தாரோடு பேச வேண்டும் என்று இருந்ததே, அதற்கு என்ன எழுதுவது என்று கத்தரி யோசித்தாள்.

"எழுது, கவலையோடயும் கோவத்தோடயும் வர்ற சொந்தக்காரங்களைச் சமாளிச்சதுன்னு. ஆதாரம் கேட்டா நீயே போய் நில்லு."

"நான் எப்ப அண்ணி கோவப்பட்டேன்?"

"சூப்புல உப்பு ஜாஸ்தின்னு ஒரு நாள் டாக்டருக்கே போன் போட்டியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கத்தரி தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள்.

மேனேஜர் பின்னால் வந்து நின்று படித்தார். கெட்டவரில்லை, பயந்தவர். "என்னம்மா இது, வீட்ல மாமியாரைப் பாத்துக்கிட்டதைத் தலைல வெச்சிருக்கே? சிரிப்பாங்க. தேதியையெல்லாம் எடுத்துட்டு, திறமைன்னு பொதுவா நாலு வரி மேல போட்டுரு. கேப்பே தெரியாது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க சார். தேதியில்லாத புரொஃபைலைப் பாத்தா அவங்க மொதல்ல தேடுறதே, என்னத்தை மறைக்கிறான்னுதான். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஆனா இது அனுபவமா?"

கத்தரி வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்தாள். "சார், உங்க வீட்ல யாராவது விழுந்து படுத்தா, ஒரு மாசம் என்னைக் கூப்பிடுங்க. அப்புறம் சொல்லுங்க, அது அனுபவமா பொழுதுபோக்கான்னு."

மேனேஜர் கையைத் தூக்கிவிட்டார். "சரிம்மா, சரி. ஆனா சட்டம் சட்டம்தான். மேல வெச்சா சாட்சி வேணும். அந்தம்மா இப்ப உயிரோட இல்ல. பிசியோதெரபிஸ்ட் வாரத்துல ஒரு நாள் வந்தவரு. வீட்டுக்காரர் நம்பர் குடுங்க. யார் வீட்ல, யாருக்காக வேலை நடந்துச்சோ அவருதான் சொல்லணும்."

வீட்டுக்காரர் என்றால் அண்ணன். அங்கேதான் சிக்கல்.

அன்று சாயங்காலம் கத்தரியும் அண்ணியோடு வீட்டுக்குப் போனாள். அண்ணன் செருப்பைக் கழற்றி முடிக்கும் முன்பே அண்ணி சொல்லிவிட்டாள். அவன் முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் குரல் ஏறியது.

"எங்கம்மாவை நீ பாத்துக்கிட்டதுக்கு, நான் யாருக்கோ போன்ல சர்டிபிகேட் குடுக்கணுமா? அது வேலையா? எங்கம்மா உனக்கு வேலையா?"

"ஆமா, வேலை."

"வெளியில கேட்டா என்ன நினைப்பாங்க? பெத்த தாயைப் பாக்குறதுக்குப் பொண்டாட்டியை வேலைக்கு வெச்சிருந்தான்னு சொல்ல மாட்டாங்களா?"

"வேலைக்கு வெச்சிருந்தா சம்பளம் குடுத்திருப்பீங்க," என்றாள் அண்ணி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று கத்தரிக்குத் தோன்றியது. "உங்கம்மா மேல எனக்குப் பாசம் இருந்துச்சு. இருந்ததாலதான் ஏழு வருஷம் தாங்குச்சு. பாசம் இருந்தா வேலை இல்லேன்னு ஆயிடுமா? உங்களுக்கும்தான் உங்க ஆபீஸ் மேல அவ்வளவு பாசம். அதனால அவங்க சம்பளம் குடுக்காம விட்டாங்களா?"

"வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு போறே."

"வீதியில போட்டாத்தான் வேலை கிடைக்கும்னா போடுறேன்."

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினான். "நீதானே இதையெல்லாம் கிளப்பி விட்டது? பழையபடி ஹோட்டலை மேல போடு. இதைக் கீழயே விடு. நான் எவன்கிட்டயும் பேசமாட்டேன்."

கத்தரிக்குச் சின்ன வயசிலிருந்து அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்று மத்தியானம் வாங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. "கீழ விட்டா யாரும் படிக்க மாட்டாங்கண்ணா. நானே படிக்கல. நான் அம்மா பெத்த பொண்ணு, நானே அதை மொழிகளுக்கும் கீழ தள்ளி விட்டிருந்தேன். அது மேலதான் இருக்கும்."

"சாட்சி இல்லாம எப்படி இருக்கும்?"

"சாட்சி இருக்கு," என்றாள் அண்ணி. "உங்க நம்பரைத்தான் குடுக்கப் போறேன். ஒளிச்சுக் குடுக்கல, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுக் குடுக்குறேன். போன் வரும். எடுக்க இஷ்டமில்லேன்னா எடுக்காதீங்க. பொய் சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க, ஒண்ணுமே செய்யலன்னு. ஆனா என்னைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க."

அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு அவனை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து போட்டுச் சாப்பிட்டான்.

புரொஃபைல் அப்படியே போயிற்று. கத்தரி மறுநாள் பூராவும் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. இல்லத்தில் யாரோ திறந்தார்கள். முதல் பகுதியில் நின்றார்கள். 'மேலும் காட்டு' பொத்தான் அமுங்கியது. பரிந்துரை, பிற அனுபவம், படிப்பு என்று அடி வரைக்கும் போய், மறுபடி உச்சிக்கு வந்தார்கள். கத்தரி மேஜையில் ஓங்கித் தட்டினாள். மேனேஜர் என்ன என்று எட்டிப் பார்த்தார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இல்லத்தின் இயக்குநர் ஒரு பெண்மணி, குட்டை முடி, கூர்மையான கண். மருந்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லையாம். அதற்கு நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்றாராம். சொந்தக்காரர்களைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டாராம். "எங்களுக்குப் பெரிய தலைவலியே அவங்கதான். வாரத்துல ஒரு நாள் வந்துட்டு, ஆறு நாள் வேலைல குத்தம் கண்டுபிடிப்பாங்க."

"நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறே?" என்றாள் அண்ணி, திரும்பி வந்ததும்.

"என் பேரைச் சொல்லலையே?"

"பேரைச் சொல்லல. ஆப்பிளைச் சொன்னேன்."

சாட்சியிடம் பேசிவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலை இனி அண்ணனின் வாயில் இருந்தது. அவனோ எதுவுமே நடக்காதது போல ஆபீஸ் போனான், வந்தான். எடுப்பானா, எடுத்தால் என்ன சொல்வான் என்று கேட்க இரண்டு பெண்களுக்கும் வீறாப்பு விடவில்லை. கேட்டால் கெஞ்சியதாகிவிடும்.

சனிக்கிழமை காலை கத்தரி அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் கூடத்தில், கட்டில் கிடந்த இடத்தில் பலகையைப் போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். போன் பலகை ஓரத்தில் கிடந்தது. அடித்தது. தெரியாத நம்பர். அவன் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் சட்டைக் காலர். அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து அண்ணி வந்து கதவோரம் நின்றாள். எடுங்கள் என்று சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்பீக்கரைத் தட்டினான்.

இயக்குநர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "உங்க மனைவி உங்க அம்மாவை ஏழு வருஷம் முழுநேரமாப் பாத்துக்கிட்டதா எழுதியிருக்காங்க. அது சரிதானா?"

"சரிதாங்க," என்றான் அண்ணன், வேண்டா வெறுப்பாக. "வீட்ல பாத்துக்கிட்டா. எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே."

கத்தரி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அசையவில்லை.

"எல்லா வீட்லயும் நடக்கிறதில்லைங்க," என்றது போன். "நடக்காததாலதான் எங்க இல்லத்துல இடமே இல்லாம இருக்கு. சரி, நேரா கேட்டுர்றேன். அந்த ஏழு வருஷமும் நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா? நான் வேலைல இருந்தேங்க. காலைல போனா ராத்திரிதான்."

"அவங்க?"

அண்ணன் சட்டையைக் குனிந்து பார்த்தான். காலருக்கு அடியில் ஒரு சுருக்கம் இருந்தது. அதை விரலால் நீவி நீவிப் பார்த்தான். சட்டென்று மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்வையை விலக்கவே இல்லை. ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"அவளும் வேலைலதாங்க இருந்தா," என்றான்.

யாரும் கேட்காமலே, "எனக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. அவளுக்கு அதுவும் இல்ல," என்றான். குரல் உடைந்துவிட்டது. உடைந்ததை மறைக்க இருமினான்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் கத்தரி தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிங்க. இது போதும் எனக்கு," என்றார் இயக்குநர். "அவங்க பக்கத்துல இருந்தா சொல்லிருங்க. ஒண்ணாம் தேதி வரட்டும். வேலை உத்தரவு இன்னைக்கே அனுப்புறேன்."

அண்ணன் போனை நீட்டினான். அண்ணி வந்து வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்வாள், கண் கலங்குவாள் என்று கத்தரி எதிர்பார்த்தாள். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வர்றேங்க. ஆனா எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும்."

மறுமுனையில் சிரிப்பு. "இங்க முறை போட்டுத்தான் லீவும்மா. மாசத்துல ரெண்டு ஞாயிறு வேணா தரலாம்."

"ரெண்டு போதும். உத்தரவுல அதை மொதல்ல எழுதுங்க," என்றாள் அண்ணி. "சம்பளம் அதுக்குக் கீழ வரட்டும்."